கடன் ஆப் நம்ம போனிலிருந்து என்ன எடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது: ஒரு பக்கச் சுருக்கம் எழுதிய அனுபவம்

பிரைவசி பாலிசியை முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். முதல் இரண்டு பத்தி முழுக்க "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்கிற மாதிரி உபசார வார்த்தைகள்தான் இருக்கும், அதிலேயே சலித்துப்போய் பாதிப் பேர் கீழே இழுத்து டிக் அடித்துவிடுகிறார்கள். நான் கீழிருந்து மேலே படிக்கிற ஆள். எந்தத் தேதியில் மாற்றியது, புகார் அதிகாரி யார், கம்பெனியின் முழுப் பெயர் என்ன என்பதெல்லாம் கடைசியில்தான் கிடக்கும். அதைக் குறித்துக்கொண்டு "யாருடன் பகிர்கிறோம்" பகுதிக்குப் போவேன், அப்புறம்தான் "என்ன சேகரிக்கிறோம்". யார் கைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு என்ன எடுக்கிறார்கள் என்று படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி தெரியும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் போனை நீட்டி "இதுல என்ன தம்பி கேக்குது, ஓகே குடுக்கலாமா" என்றும் கேட்கிறார்கள். நான் சொல்லப்போவது முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிற ஒரு அக்காவுக்காக எழுதிய சுருக்கத்தைப் பற்றி. தண்டல் வட்டி கட்டி மாளாமல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கடன் ஆப்பை இறக்கி வைத்திருந்தார். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: "நான் கட்டலன்னா என் போன்ல இருக்கற எல்லாருக்கும் போன் போடுவானாமே, மெய்யா?"

அவர் சுய உதவிக் குழுவில் இன்னும் சிலர் அதே ஆப்பை வைத்திருந்ததால், ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆப்பின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வகை ஆப்புகளின் பாலிசி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில்தான் இருக்கிறது.

முதலில் "நாங்கள்" என்றால் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆப்பை நடத்துகிற கம்பெனி பெரும்பாலும் கடன் கொடுப்பதே இல்லை. அது ஒரு இடைத்தரகர், அவ்வளவுதான். பணம் கொடுப்பது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற ஒரு நிதி நிறுவனம் அல்லது வங்கி. இந்த ஆப்பின் பாலிசியில் நடுவில் ஒரு வரி: கடன் தொடர்பான விவரங்களுக்குக் கடன் தரும் நிறுவனத்தின் பாலிசி பொருந்தும். அதாவது நம் கையில் இருப்பது பாதிக் கதை. மீதிப் பாதி வேறொரு இணையதளத்தில் இருக்கிறது, அதையும் இறக்கிப் படிக்காமல் சுருக்கம் எழுதினால் "இவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை" என்று தப்பாக முடியும். ஆப் கம்பெனியின் பக்கம் சுத்தமாகவும், நிதி நிறுவனத்தின் பக்கம் "வசூல் முகவர்கள், குழும நிறுவனங்கள், காப்பீட்டுப் பங்குதாரர்கள்" என்று நீளமாகவும் இருந்தது. என் சுருக்கத்தின் முதல் வரியாக இரண்டு பெயரையும் எழுதினேன், எது ஆப், எது பணம் தருவது என்று.

சரி, என்ன எடுக்கிறார்கள்? பாலிசியில் இதை ஒரே குவியலாகக் கொட்டியிருப்பார்கள். அதை மூன்றாகப் பிரித்தால்தான் ஒரு சாதாரண ஆளுக்குப் புரியும்: நாமே டைப் செய்து கொடுப்பது, போன் தானாகக் கொடுப்பது, வேறு ஆட்களிடமிருந்து நம்மைப் பற்றி அவர்கள் வாங்குவது. முதல் வகையில் ஆதார், பான், செல்ஃபி, வங்கிக் கணக்கு. இதெல்லாம் அக்காவுக்கே தெரியும். மூன்றாவது வகையில் முக்கியமானது கடன் தகவல் நிறுவனம், நம் ஊரில் எல்லாரும் சிபில் என்று சொல்வது. ரெண்டாவது வகைதான் விஷயம்.

அதில் எஸ்எம்எஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "பணப் பரிவர்த்தனை தொடர்பான எஸ்எம்எஸ்களை மட்டும் படிக்கிறோம், சொந்த எஸ்எம்எஸ்களைப் படிப்பதில்லை" என்று பாலிசி சொன்னது. அக்காவின் வருமானம் சம்பள ரசீதில் கிடையாது, வங்கியிலிருந்து வரும் வரவு, பற்று மெசேஜில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எவ்வளவு கடன் தரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதிக்குப் பாதி கொடுப்பது, கால்வாசி கொடுப்பது என்பதெல்லாம் கிடையாது. READ_SMS என்கிற அந்த ஒரு அனுமதியைக் கொடுத்தால் இன்பாக்ஸ் முழுக்கத் திறந்துவிடும். எது பண மெசேஜ், எது சொந்த மெசேஜ் என்று பிரிப்பது ஆப்புக்குள் இருக்கிற நிரல், போன் இல்லை. அந்த நிரல் நியாயமாக நடந்துகொள்கிறதா என்று வெளியிலிருந்து நம்மால் பார்க்க முடியாது.

சில பாலிசியில் "பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் மெசேஜைத் தொடமாட்டோம், எழுத்தில் பெயர் போட்டு வரும் நிறுவன மெசேஜ் மட்டும்" என்று இன்னும் துல்லியமாகப் போட்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அக்காவின் இன்பாக்ஸை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கீழே தள்ளிப் பார்த்தேன். எழுத்துப் பெயரில் வந்தவை: வங்கி வரவு, கேஸ் புக்கிங், மகள் காலேஜ் ஃபீஸ் பாக்கி, நகைக் கடன் வட்டி கட்டச் சொல்லி ஒன்று, பாண்டிச்சேரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தயார் என்று லேபிலிருந்து ஒன்று, அப்புறம் வரிசையாக ஓடிபி. சொந்த மெசேஜ் என்று அக்கா நினைக்கிற எல்லாமே அந்த நிறுவன மெசேஜுக்குள்தான் இருந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் எஸ்எம்எஸ் அனுப்புவதே இல்லை, எல்லாம் வாட்ஸாப்தான். ஆக என் சுருக்கத்தில் இப்படி எழுதினேன்: "பண மெசேஜ் மட்டும் படிப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் அனுமதி கொடுத்தால் எல்லா மெசேஜையும் படிக்க முடியும். ஆஸ்பத்திரி, காலேஜ், நகைக் கடன் மெசேஜும் அதில் சேரும்." பாலிசி சொல்வது ஒன்று, போன் அனுமதிப்பது ஒன்று. இரண்டையும் சேர்த்து எழுதாத சுருக்கம் கம்பெனியின் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

இதைச் சரிபார்க்கக் கம்ப்யூட்டர் அறிவெல்லாம் வேண்டாம். பிளே ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தில் About this app என்பதைத் தொட்டுக் கீழே போனால் App permissions என்று இருக்கும், அதில் ஆப் கேட்கக்கூடிய எல்லா அனுமதியும் வரிசையாக வரும். பாலிசியில் பெயரே சொல்லாத அனுமதி அங்கே இருந்தால் அதைச் சுருக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

அதே பக்கத்தில் Data safety என்று ஒரு பெட்டியும் இருக்கும். இந்த ஆப்பில் அங்கே No data shared with third parties என்று போட்டிருந்தது. பாலிசியிலோ அரைப் பக்கத்துக்கு யார் யாருக்கோ கொடுப்பதாக எழுதியிருக்கிறது. பார்த்ததும் பச்சைப் பொய் என்று தோன்றும், ஆனால் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பெட்டியை நிரப்புவது ஆப் கம்பெனிதான், கூகுள் வந்து சோதித்து எழுதுவதில்லை. தவிர, தனக்காக வேலை செய்கிற சேவை நிறுவனத்துக்குக் கொடுப்பதையும், சட்டத் தேவைக்காகக் கொடுப்பதையும் "பகிர்வு" என்று அங்கே காட்டத் தேவையில்லை என்பது கூகுளின் விதி. அதனால் அந்தப் பெட்டியைப் பார்த்து மட்டும் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். பாலிசியின் பகிர்வுப் பகுதிதான் கணக்கு.

இப்போது அக்காவின் கேள்வி, காண்டாக்ட் லிஸ்ட். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொடுத்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலில், கடன் ஆப்புகள் காண்டாக்ட் லிஸ்ட், கால் ஹிஸ்டரி, ஃபைல், மீடியா இதையெல்லாம் தொடக்கூடாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டது. கேமரா, மைக், லொகேஷன் மாதிரியானவற்றை ஆளை அடையாளம் காண ஒருமுறை மட்டும், ஒப்புதல் வாங்கி எடுக்கலாம். 2025 மே மாதம் வந்த புதிய உத்தரவிலும் அது தொடர்கிறது. கூகுளும் 2023 மே இறுதியிலிருந்து கடன் ஆப்புகள் காண்டாக்டையும் போட்டோவையும் எடுக்கக்கூடாது என்று பிளே ஸ்டோரில் விதி போட்டது. ஆக, ஒரு கடன் ஆப் இன்றைக்குக் காண்டாக்ட் கேட்டால் மேற்கொண்டு பாலிசி படிக்க வேண்டியதே இல்லை, ஆப்பையே போனிலிருந்து நீக்கிவிடலாம். லிங்க் அனுப்பி, பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கச் சொல்கிற ஆப்பும் அதே ரகம்தான்.

இந்த ஆப் காண்டாக்ட் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேரின் பெயரும் நம்பரும் "ரெஃபரன்ஸ்" என்று டைப் செய்யச் சொன்னது. அக்கா தன் தங்கை மகன் நம்பரையும் குழுத் தலைவி நம்பரையும் போட்டு வைத்திருந்தார். பாலிசியில் இதற்கான வரி, "நீங்கள் தரும் மூன்றாம் நபர் தகவலுக்கு அவர்களின் ஒப்புதலை நீங்கள் பெற்றிருப்பதாக உறுதியளிக்கிறீர்கள்". சுருக்கத்தில் இதை விடவே கூடாது, ஏனென்றால் இங்கே போவது கையெழுத்துப் போடுகிறவருடைய தகவலே இல்லை, அந்தத் தம்பிக்கு இது தெரியவே தெரியாது. வசூலுக்கு வருகிறவர்கள் கடன்காரரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் இவர்களின் அந்தரங்கத்தில் நுழையக்கூடாது, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன் கேட்டு போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதையும் சேர்த்து எழுதி, அக்காவிடம் "அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா" என்றேன். "சொன்னா அவன் அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமே, நான் கடன் வாங்கறது" என்றார். பாலிசிக்குள் இல்லாத பிரச்சினை, ஆனால் உண்மையான பிரச்சினை அதுதான்.

பகிர்வுப் பகுதிக்கு வருவோம். "உங்கள் தகவலை விற்பதில்லை" என்று தடித்த எழுத்தில் இருந்தது. விற்காமலேயே கொடுக்க நிறைய வழி இருக்கிறது, அதனால் இந்த வரியை நான் சுருக்கத்தில் எடுத்துக்கொள்வதே இல்லை. மாறாக, மறுக்க முடியாதது, மறுக்கக்கூடியது என்று தாளில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்வேன். கடன் வாங்கினால் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போயே தீரும், அதைத் தடுக்க முடியாது. நிதி நிறுவனத்துக்கு, கேட்டால் அரசுக்கு, இதுவும் அப்படித்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம்: குழும நிறுவனங்களின் "பொருத்தமான சலுகைகள்", காப்பீட்டு அழைப்பு, விளம்பரத்துக்கான பகிர்வு. இவற்றுக்கு ஒப்புதலை மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பவும் பெறலாம், ரிசர்வ் வங்கி விதியிலேயே அந்த உரிமை இருக்கிறது. எந்த வெளி நிறுவனங்கள் ஆப் மூலமாகத் தகவல் எடுக்கின்றன என்று பாலிசியில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வெறுமனே "எங்கள் கூட்டாளிகள்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், சுருக்கத்தில் "யார் என்று சொல்லவில்லை" என்று அப்படியே போடுங்கள். சொல்லாமல் விட்டதும் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

இன்னொரு இடம் கவனமாக இருக்க வேண்டியது: "உள்ளிட்ட, ஆனால் அவை மட்டுமல்லாத", "தேவைப்பட்டால் எடுக்கலாம்" மாதிரியான வாசகம். "எடுக்கலாம்" என்று இருப்பதை "எடுக்கிறார்கள்" என்று மாற்றினால் நாம் பீதி கிளப்புகிறோம், விட்டுவிட்டால் மறைக்கிறோம். நான் "எடுக்க உரிமை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லை சொல்லவில்லை" என்று எழுதுவேன்.

எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள், அதுவும் வாசித்துவிட்டுப் "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள், யாரும் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். "உங்க மெசேஜ் யாருக்கெல்லாம் போகும், சொல்லுங்க" என்று கேட்டால் அவர் சொல்கிற பதிலில் சுருக்கத்தின் ஓட்டை தெரிந்துவிடும். அக்கா பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார்: "நான் இன்னும் கடன் வாங்கலயே. வேணாம்னு விட்டுட்டா இதுவரைக்கும் எடுத்தது என்ன ஆவும்?"

நல்ல கேள்வி. அவர் ஏற்கெனவே விண்ணப்பத்தில் பாதி தூரம் போய்விட்டார், பான் கொடுத்தாகிவிட்டது, எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. தகவல் எடுப்பது பணம் கொடுக்கும்போது இல்லை, விண்ணப்பிக்கும்போதே முடிந்துவிடுகிறது. பாலிசியில் கடன் வாங்கியவர்களுடைய தகவலை எத்தனை வருடம் வைப்பார்கள் என்று இருந்தது, வாங்காமல் விட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆப்பை அழித்துவிட்டால் போச்சு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். போனிலிருந்துதான் போகும், அவர்களுடைய சர்வரில் அப்படியே இருக்கும். கடன் விண்ணப்பத்துக்காகக் கடன் அறிக்கையைப் பார்த்திருந்தால் அந்த விசாரணையும் சிபிலில் பதிவாகியிருக்கும்.

புகார் அதிகாரிக்கு அக்காவின் பெயரில் மெயில் அனுப்பினோம். மூன்றே விஷயம் கேட்டோம்: என்னிடமிருந்து என்னென்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள், எஸ்எம்எஸ்ஸிலிருந்து எடுத்ததையும் லொகேஷனையும் அழித்துவிட்டு உறுதி செய்யுங்கள். "எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் சட்டப்படி வைக்க வேண்டியிருக்கிறது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்தும் ஐந்து வருடம் வைக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காரணம் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொருந்தாது. தனித்தனியாகக் கேட்டதால் தனித்தனியாகப் பதில் வந்தது: எஸ்எம்எஸ் விவரம் நீக்கப்பட்டது, விண்ணப்ப விவரம் "மோசடித் தடுப்புக்காக" வைக்கப்படும். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. சுருக்கத்தில் அந்த வரியையும் சேர்த்தேன்.

கடைசியில் தாளில் இருந்தது இவ்வளவுதான்: "ஆப் ஒரு கம்பெனி, பணம் தருவது வேறு கம்பெனி, இருவரிடமும் தகவல் இருக்கும். ஆதார், பான், போட்டோ, கணக்கு விவரம் நீங்கள் தருவது. எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் எல்லா மெசேஜும் படிக்க முடியும். கொடுக்காமல் பேங்க் ஸ்டேட்மென்ட் ஏற்றியும் விண்ணப்பிக்கலாம். காண்டாக்ட் எடுப்பதில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள். ரெஃபரன்ஸ் நம்பர் வசூல் ஆட்களுக்கும் போகலாம், சொல்லிவிட்டுக் கொடுங்கள். சிபிலுக்குப் போகும், தடுக்க முடியாது. விளம்பர அழைப்புக்கு ஒப்புதல் டிக்கை எடுத்துவிடலாம். கடன் வேண்டாம் என்று விட்டாலும் கொடுத்த தகவல் அவர்களிடம் இருக்கும், எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. ஆப்பை அழித்தால் தகவல் அழியாது, மெயில் போட வேண்டும்." கீழே பாலிசியின் தேதி, நான் படித்த தேதி, புகார் அதிகாரியின் மெயில்.

பேங்க் ஸ்டேட்மென்ட் வழி விண்ணப்பத்தில் நான்காவது திரையில் சின்ன எழுத்தில் இருந்தது, எஸ்எம்எஸ் அனுமதியை மறுத்தால்தான் அந்தத் திரையே வருகிறது. அதனால் சுருக்கம் எழுதுகிறவர்கள் ஒருமுறை எல்லாவற்றுக்கும் Don't allow கொடுத்துப் பார்த்து, ஆப் எங்கே நின்றுவிடுகிறது, எங்கே வேறு வழி காட்டுகிறது என்று பாருங்கள். பாலிசியில் அது இருக்காது. ஸ்டேட்மென்டிலும் யூபிஐயில் பணம் போட்டவர் பெயரெல்லாம் தெரியும், ஆனால் ஓடிபியும் ஆஸ்பத்திரி மெசேஜும் அதில் போகாது.

தமிழிலேயே பாலிசி கேட்க முடியாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி கொடுக்க வேண்டும் என்கிறது, தமிழும் அதில் உண்டு. அதே சட்டத்தில் ஒரு உதாரணம் கூட இருக்கிறது: டெலிமெடிசின் ஆப் ஒன்று காண்டாக்ட் லிஸ்டுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கினாலும், மருத்துவ சேவைக்குக் காண்டாக்ட் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் மருத்துவ சேவை அளவுக்கு மட்டுமே செல்லும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரைக்கும் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள், படித்த அன்றைக்கே பாலிசியைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். அவர்கள் அதே முகவரியில் புதியதை ஏற்றிவிடுவார்கள், பழையது காணாமல் போய்விடும், "தொடர்ந்து பயன்படுத்தினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்" என்று ஒரு வரியும் உள்ளே இருக்கும். இந்த ஆப்பின் பாலிசி தேதி மாறியதைக் கவனித்து, பழையதையும் புதியதையும் கூகுள் டாக்ஸில் ஒட்டி Tools மெனுவில் Compare documents கொடுத்தேன். மாறியது இரண்டு இடம்தான். ஒன்று முகவரி. இன்னொன்றில் "குழும நிறுவனங்கள்" என்று இருந்தது "குழும நிறுவனங்கள் மற்றும் அவற்றின் வணிகக் கூட்டாளிகள்" ஆகியிருந்தது. கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் விளம்பர அழைப்பு வரியை அடித்துவிட்டு, புதிய தேதியோடு திருத்தி எழுதினேன், குழுவின் வாட்ஸாப்பிலும் போட்டாயிற்று.